செவ்வாய்க்கிழமை மாவு

சிறப்புக் கட்டுரை

கேமரா வேண்டாம், பெரிய கணினியும் வேண்டாம். பினாங்கின் ஜெலுத்தோங்கில் வீடியோ எடிட்டிங் தொழிலைத் தொடங்க நினைப்பவருக்கு முதல் வேலை கடைக்காரரின் போனுக்குள்ளேயே கிடக்கிறது. அதை எடுத்து, வெட்டி, விலை பேசி, பலனை எண்ணிக் காட்டுவது எப்படி?

ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஜெலுத்தோங்கில் சாலையோரக் கடைவீடு ஒன்றின் ஐந்தடியில் ஆப்பமும் தோசையும் போடுகிறார் ஓர் அக்கா. சனி, ஞாயிறு என்றால் பத்தரை மணிக்கே மாவு தீர்ந்துவிடும். பதினொரு மணிக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து போனை எடுப்பார்.

அந்தப் போனுக்குள் இருநூறு வீடியோ கிடக்கும். ஆப்பச் சட்டியைச் சுழற்றும்போது எடுத்தது, தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தது, பேத்தி வந்து கையசைத்தது என்று எல்லாம் எடுத்தபடியே இருக்கும். நான்கைந்து மட்டும் முகநூலில் ஏறியிருக்கும். ஒன்று பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும். இன்னொன்றில் விசிறி இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது. மற்றொன்று மூன்று நிமிடம் ஓடும், ஆனால் கடை எங்கே இருக்கிறது என்று கடைசிவரை சொல்லாது.

எடிட்டிங் கற்றுக்கொண்ட பிள்ளைகள் பலர் முதல் வாடிக்கையாளரை வெளிநாட்டு வேலைத் தளங்களில் தேடுகிறார்கள். அங்கே முன்பின் தெரியாத ஒருவருக்காக, முன்பின் தெரியாத ஆயிரம் பேரோடு விலையில் மோத வேண்டும். இங்கேயோ வாடிக்கையாளர் நடந்து போகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். படம் எடுத்தாயிற்று, வெட்டத்தான் ஆள் இல்லை.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த மாதங்களில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களான சுகு, பவித்ரா தம்பதியின் மலாய் மொழிச் சமையல் வீடியோக்களை நாடே பார்த்தது. அதன்பின் வீடியோ என்றாலே லட்சம் பார்வை என்ற எண்ணம் பலருக்குப் பதிந்துவிட்டது. யூடியூபில் வாழ்பவருக்கு அது சரியான கணக்கு. ஆப்பக் கடைக்கு அது பொருந்தாது. கோத்தா பாருவில் ஒருவர் பார்த்து ரசித்தால் அக்காவின் கல்லாவில் ஒரு சென்னும் விழப்போவதில்லை. அவருக்கு வேண்டியது இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் சில நூறு பேர்.

முதல் கேள்வி: எந்த நாள் மிச்சம்?

வெட்டத் தொடங்குவதற்கு முன் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். "என்ன மாதிரி வீடியோ வேணும்?" என்று கேட்டால், அவர் எங்கோ பார்த்த ஒன்றைக் காட்டி "இந்த மாதிரி" என்பார். அந்தக் கேள்வி உதவாது. "எந்த நாள் மாவு மிச்சமாகுது அக்கா?" என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். "செவ்வாய், புதன்தான் தம்பி. சனி ஞாயிறு பத்தல."

இந்த ஒரு பதில் முழு வேலையையும் மாற்றிவிடுகிறது. கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமைக் காட்சியைப் போட்டு "வாங்க, வாங்க" என்றால், ஏற்கெனவே மாவு போதாத நாளில் இன்னும் பத்துப் பேர் வந்து ஏமாந்து திரும்புவார்கள். செவ்வாய்க்கு ஆள் வரவேண்டும் என்றால் வீடியோ திங்கள் மாலையில் ஏற வேண்டும். அதில் கூட்டம் தெரியக் கூடாது, உட்கார இடம் இருப்பது தெரிய வேண்டும். எந்தக் காட்சியை எடுப்பது, எதை விடுவது என்பது இங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது.

கோப்பு வரும் வழி

அடுத்தது, அந்த இருநூறு வீடியோவையும் கைக்குக் கொண்டுவருவது. புதியவர்களின் முதல் சறுக்கல் இங்கேதான். "வாட்ஸ்அப்பில் அனுப்புங்க அக்கா" என்று சொல்லிவிடுவார்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும். கைப்பேசித் திரையில் பார்க்கும்போது குறை தெரியாது. ஆப்பத்தின் விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டலாம் என்று இழுத்தால், பொன்னிற மொறுமொறுப்பு இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகச் சேறு தெரியும்.

வந்த கோப்பு அசலா, நசுங்கியதா என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வழியாக வந்து சேமிக்கப்பட்ட கோப்பின் பெயரில் `WA` என்ற எழுத்துகள் இருக்கும், `VID-20250310-WA0004.mp4` என்பதுபோல. மற்றொன்று எடை. இன்றைய போனில் சாதாரண 1080 தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 60 முதல் 130 எம்பி வரை இருக்கும். ஐந்தாறு எம்பிதான் இருக்கிறது என்றால் அது நசுங்கி வந்ததுதான்.

கடைக்கே போய்க் கேபிளை மாட்டி எடுத்துக்கொள்வது உத்தமம். முடியாவிட்டால் வாட்ஸ்அப்பிலேயே `Document` என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லலாம். அந்த வழியில் அசல் கோப்பு அப்படியே வரும். எப்படி வாங்கினாலும் அக்காவின் குடும்பப் படங்களைத் தொடாமல், கடை வீடியோவை மட்டும் அவர் எதிரிலேயே தேர்ந்தெடுத்து எடுப்பது நல்லது. நம்பிக்கை உண்டாவதும் குலைவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

இருநூறில் பதினான்கு

எல்லாவற்றையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வைத்துக்கொள்ள ஒரே ஒரு விதி போதும்: காட்சிக்குள் ஏதாவது மாற வேண்டும். மாவு ஊற்றப்படுகிறது, சட்டி சுழல்கிறது, மூடி திறந்து ஆவி வருகிறது, விளிம்பு சட்டியை விட்டுப் பிரிகிறது. இவையெல்லாம் தேறும். அடுக்கி வைத்த தட்டுகளின் மேல் போனை இடமும் வலமும் ஆட்டி எடுத்தது தேறாது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் இருநூறில் பதினான்கு மிஞ்சலாம். மூன்று வீடியோவுக்கு அது போதும்.

படுக்கைவாட்டில் எடுத்த காட்சிகளை நிமிர்ந்த சட்டத்துக்குள் கொண்டுவருவதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிர்ந்த வீடியோவின் அகலம் 1080 புள்ளி. படுத்த 1080 வீடியோவின் நடுப்பகுதியை நிமிர்ந்த வடிவத்தில் வெட்டி எடுத்தால் கிடைக்கும் அகலம் சுமார் 607 புள்ளிதான். அதை 1080க்கு இழுக்கும்போது படம் மங்கும். எனவே படுத்த காட்சிகளை ஒரு நொடி, இரண்டு நொடிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்த காட்சிகளை முதுகெலும்பாக வைக்க வேண்டும்.

முதல் வீடியோ முப்பது நொடி. அதை இப்படி அடுக்கலாம். முதல் இரண்டு நொடியில் ஆப்பத்தின் விளிம்பு சட்டியிலிருந்து பிரிகிறது, மொறுமொறு சத்தம் கேட்கிறது. செய்முறையில் கடைசியாக வரும் காட்சி இது, ஆனால் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரை நிறுத்துவது இதுதான். அடுத்த ஏழெட்டு நொடியில் மாவு, சுழற்சி, மூடி, ஆவி என்று நான்கு துண்டுகள். பிறகு அக்காவின் குரல் பதினைந்து நொடி: மாவு எப்போது அரைத்தது, தேங்காய்ப்பால் எப்படிப் பிழிந்தது. அதன்மேல் தட்டில் ஆப்பம் விழும் காட்சியும் விலையும். கடைசி ஐந்தாறு நொடி கடையின் முகப்பு. அக்காவின் முகத்துக்கு எதிரே நின்று எடுத்ததைவிட, சாலையில் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண்ணுக்குக் கடை எப்படித் தெரியுமோ அப்படி எடுத்ததே பயன்படும். அதன்மேல் ஒரு வரி: "சனி ஞாயிறு கிடைக்கலன்னா செவ்வாய், புதன் வாங்க. ஆற அமர உட்கார்ந்து சாப்பிடலாம்."

இந்த வேலைக்குக் கேப்கட், விஎன் போன்ற போன் செயலியே போதும். மடிக்கணினி தேவைப்படுவது நீண்ட வேலைக்கு. அரங்கேற்றமோ திருமண உரையோ இருபது நிமிடம் ஓடும்போது வேறொரு சிக்கல் எழும். போன்கள் நொடிக்கு இத்தனை படம் என்று சீராக எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப அது கூடும், குறையும். முப்பது நொடியில் இது தெரியாது. இருபது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று விலகிவிடும். அப்படித் தெரிந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பை ஏற்றி, `Constant Framerate` என்பதைத் தேர்ந்து ஒருமுறை மாற்றி எடுத்த பிறகு எடிட்டிங்கைத் தொடங்க வேண்டும். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி திணறினால், ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்களில் `Proxy` வசதியை இயக்கலாம். எடை குறைந்த நகலை வைத்து வெட்டிக்கொண்டு, கடைசியில் அசலிலிருந்து வெளியெடுப்பதுதான் அது.

குழல்விளக்குப் போடும் கோடு

பழைய கோப்புகளைப் பார்க்கும்போது சிலவற்றில் மங்கலான கோடுகள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். போன் கெட்டுவிட்டது என்று கடைக்காரர் நினைத்திருப்பார். காரணம் மின்சாரம்.

மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பழைய குழல்விளக்கும், மலிவான எல்இடி விளக்குகள் சிலவும் அதன் இரட்டிப்பாக நொடிக்கு 100 முறை மின்னி மின்னி அடங்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. போன் நொடிக்கு 30 படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் ஒளியை வாங்கினால், அந்த நேரத்துக்குள் மின்னல்கள் முழு எண்ணில் அடங்குவதில்லை. படத்தின் ஒரு வரிசைக்குக் கூடுதல் ஒளி, அடுத்ததற்குக் குறைவு. அதுதான் கோடு.

இனிமேல் எடுக்கும் காட்சிகளுக்குத் தீர்வு எளிது. ஐபோனில் கேமரா அமைப்புக்குள் `Record Video` பகுதியில் `Show PAL Formats` என்பதை இயக்கி, நொடிக்கு 25 படம் என்று வைக்கலாம். ஆண்ட்ராய்டில் வீடியோவுக்கு `Pro` முறை இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைக்கலாம். அப்போது ஒவ்வொரு படத்துக்கும் முழுதாக இரண்டு மின்னலோ ஒரு மின்னலோ கிடைத்துவிடும், கோடு போய்விடும். சட்டிக்குப் பின்னால் வெளிறிய சுவர் இருக்கும்படி போனைப் பிடித்துப் பார்த்தால், கோடு இருக்கிறதா இல்லையா என்பது எடுக்கும் முன்பே தெரியும்.

ஏற்கெனவே விழுந்த கோட்டைச் சுத்தமாக எடுப்பது கடினம். எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பதே தொழில். ஐந்தடி வாசலில் பகல் வெளிச்சம் விழுந்த காட்சிகளை முன்னுக்குக் கொண்டுவந்து, கோடு விழுந்தவற்றை அரை நொடி, ஒரு நொடி என்று சுருக்கிவிட்டால் பார்ப்பவர் கவனிக்க நேரம் இருக்காது.

சத்தம் தனி, குரல் தனி

விசிறி இரைச்சலில் பேசிய குரலைச் செயலியின் இரைச்சல் நீக்கியால் சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் நீக்கலாம். அளவுக்கு மீறினால் அக்கா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும்.

குரலைத் தனியாகப் பதிவதே சுருக்கு வழி. கடை சாத்தியபின் விசிறியை நிறுத்திவிட்டு, முடிந்தால் நிறுத்தி வைத்த காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, போனிலேயே பதியலாம். இருக்கைத் துணியும் கூரைத் துணியும் எதிரொலியை உறிஞ்சிவிடும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்று ஓரமாக இருக்க வேண்டும். நேர் எதிரே பிடித்தால் 'ப' வரும் இடத்தில் எல்லாம் காற்று மோதி வெடிக்கும். எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாது. "மாவு எப்ப அரைப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலை மட்டும் வெட்டி எடுத்தால், பினாங்குத் தமிழ் அதன் ஓசையோடு வந்து உட்காரும்.

மாவு சட்டியில் விழும் சத்தத்தைப் பழைய வீடியோவிலிருந்து அப்படியே வைத்துக்கொள்ளலாம். பின்னணி இசை இருந்தால் குரலைவிட 15, 20 டெசிபல் கீழே இருக்கட்டும். முடித்தபின் இரண்டு சோதனை. போனின் ஒலியைக் கால்வாசிக்குக் குறைத்துக் கேட்க வேண்டும், ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று. பிறகு ஒலியே இல்லாமல் பார்க்க வேண்டும், கடையின் இடமும் நேரமும் தெரிகிறதா என்று. பேருந்தில் பார்ப்பவருக்கு ஒலி இருக்காது.

'கொ' உடைந்தால்

ஒலியில்லாமல் பார்ப்பவருக்காகத்தான் எழுத்து. ஜெலுத்தோங்கில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அந்தச் சாலையில்தான் போகிறார்கள். குரல் தமிழில் இருக்கட்டும், திரை எழுத்தில் மலாயும் சேரட்டும். பினாங்கில் ஆப்பத்தை எல்லா இனத்தாரும் `Apom` என்றே அறிவார்கள். அந்த ஒரு சொல்லும், விலையும், `Selasa & Rabu` என்ற கிழமைகளும் போதும், நீண்ட மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

தமிழ் எழுத்தைப் போடும்போது சில எடிட்டிங் மென்பொருள்களில் எழுத்து உடைகிறது. 'கொ' என்று தட்டினால் கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டமாக உடைந்து காட்டும். தமிழ் தெரியாத ஆள் வெட்டினால் அது அப்படியே அச்சேறிவிடும். வேலையைத் தொடங்கும்போதே 'கொண்டைக்கடலை', 'ஸ்ரீ' ஆகிய இரண்டு சொற்களைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். உடைந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த வரியைப் போனில் வேறொரு செயலியில் எழுதி, பின்புலம் இல்லாத `PNG` படமாக எடுத்து மேலே ஒட்டிவிடலாம். கடையின் பெயர்ப்பலகை செய்தவர் கொடுத்த பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியக்கூடும். யூனிகோடு எழுத்துருவில் மறுபடி தட்டுவதே வழி.

ஐபோனிலும் மேக் கணினியிலும் வரும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவின் கடைசி இரண்டு எழுத்துகள் முத்து நெடுமாறனைக் குறிப்பவை. முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியத் தமிழர் அவர். இந்த நாட்டில் தமிழ் எழுத்தை உடையவிட்டுக் காட்ட யாருக்கும் சாக்கு இல்லை.

எழுத்தை வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். டிக்டாக்கிலும் ரீல்ஸிலும் திரையின் அடிப்பகுதியைக் கணக்கின் பெயரும் விளக்கமும் மறைக்கும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் மறைக்கும். விலையை அடியில் போட்டால் காணாமல் போய்விடும். அடியில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவிட்டு, அதற்கு மேல் எழுத வேண்டும்.

பாட்டும் முத்திரையும்

அக்கா நிச்சயம் கேட்பார், "ஒரு ரஜினி பாட்டு போடு தம்பி." தனியாள் கணக்கில் நண்பர்களுக்காகப் போடுவதும், கடை விளம்பரத்துக்குப் போடுவதும் ஒன்றல்ல. வணிகக் கணக்காகப் பதிந்த டிக்டாக் பக்கத்தில் பிரபலமான பாடல்கள் கிடைக்காது. வணிகப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய தொகுப்பு மட்டுமே திறக்கும். தந்திரமாக வீடியோவிலேயே பாட்டை ஒட்டி ஏற்றினால் ஒலி அடைக்கப்படலாம். அடைபட்டால் அக்காவின் குரலும் சேர்ந்தே போய்விடும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கடையின் சிறுமையைப் பார்த்து விலக்குத் தருவதில்லை. ஆப்பச் சட்டியின் சத்தம் இலவசம், அதற்கு உரிமை கோரி யாரும் வரமாட்டார்கள்.

இன்னொரு பொறி ஹலால் முத்திரை. செயலிகளில் அந்தச் சின்னம் ஸ்டிக்கராகக் கிடைக்கிறது, ஒரு தட்டில் ஒட்டிவிடலாம். ஆனால் 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்பு உத்தரவுப்படி, ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாத உணவை ஹலால் என்று குறிப்பிடுவது குற்றம். சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் அந்தச் சொல்லைத் தொடக் கூடாது. சைவக் கடை என்றால் சைவம் என்று எழுதினால் போதும்.

இருபது கடை, மதிய நேரம்

அக்காவைக் கண்டுபிடித்தது எப்படி? ஜெலுத்தோங்கில் நடந்துபோய் இருபது கடைகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, மாலையில் ஒவ்வொன்றையும் முகநூலிலும் டிக்டாக்கிலும் தேட வேண்டும். பக்கமே இல்லாத கடையை முதலில் விட்டுவிடலாம். அவருக்கு வீடியோ எதற்கு என்று விளக்குவதிலேயே மாதம் போய்விடும். அழகாகச் செய்கிறவருக்கும் நாம் தேவையில்லை. கடந்த ஒரு மாதத்துக்குள் தானே எதையோ போட்டு, அது கோணலாக வந்திருக்கிறதே, அந்தக் கடைதான் நமக்கு. ஆசை இருக்கிறது, நேரம் இல்லை என்பதற்கு அந்தப் பதிவே சாட்சி. இருபதில் ஐந்தாறு அப்படித் தேறலாம்.

போகும் நேரம் முக்கியம். ஆப்பக் கடைக்குப் பதினொரு மணி, சந்தைக் கடைக்கு நண்பகலுக்குப் பின், துணிக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் வாரநாள் மதியம். பூக்கடைக்கு வெள்ளிக்கிழமை காலையில் போனால் திட்டுதான் கிடைக்கும்.

போகும்போது கையில் ஒரு துண்டு இருக்க வேண்டும். அக்கா தாமே பொதுவில் போட்ட முறுக்கு வீடியோவை எடுத்து, பதினைந்து நொடியாக வெட்டி, குறுக்கே தன் பெயரை மங்கலாக எழுதி, போனில் வைத்துக்கொண்டு காட்டுவது. அதை எங்கும் ஏற்றக் கூடாது, அவர் அனுமதி இல்லாமல் அனுப்பவும் கூடாது.

"அக்கா, நீங்க போட்ட வீடியோதான். வெட்டிப் பார்த்தேன்."

பெரும்பாலும் வரும் பதில்: "என் அக்கா மகன் பண்றேன்னு சொன்னான்." இதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். "அவரே எடுக்கட்டும் அக்கா, நான் வெட்டி மட்டும் தரேன்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அக்கா மகனுக்கு எடுப்பதில்தான் சந்தோஷம், உட்கார்ந்து வெட்டுவதில் இல்லை.

180 ரிங்கிட் எப்படி வந்தது?

விலையை நேரத்திலிருந்து கட்ட வேண்டும். மூன்று வீடியோவுக்கு: கோப்பு வாங்கிப் பிரிக்க இரண்டு மணி, குரல் பதிய அரை மணி, வெட்ட தலா ஒன்றரை வீதம் நாலரை மணி, எழுத்துக்கு ஒரு மணி, திருத்தத்துக்கு ஒரு மணி. மொத்தம் ஒன்பது. மணிக்கு 20 ரிங்கிட் என்றால் 180.

ஏன் 20? நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி என்று வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் சொச்சம். ஆனால் அந்தச் சம்பளக்காரருக்கு வேலை தேடி நடந்த நேரத்துக்குக் கணக்கில்லை, அது அவருக்குத் தேவையும் இல்லை. எடிட்டருக்குப் பாதி நேரம் நடையிலும் காத்திருப்பதிலும் போகிறது. அந்தப் பாதியையும் இந்தப் பாதிதான் சுமக்க வேண்டும். முதல் முறை ஒன்பது மணி வேலை பதினெட்டு மணி இழுக்கும். கூடுதல் ஒன்பது நாம் கற்றுக்கொண்ட நேரம், அதை அக்காவின் கணக்கில் ஏற்ற முடியாது.

பாதிப் பணம் முன்னதாக டுயிட்நவ் கியூஆரில் வர வேண்டும். மீதி வரும்வரை பெயர் ஓடும் மாதிரி மட்டுமே போகும். திருத்தம் இரண்டு முறை. இதைப் பேச்சோடு விட்டால், ஏழாவது முறை "இந்தப் பாட்டை மட்டும் மாத்து தம்பி" என்று வரும்போது மறுக்க வாய் வராது. அன்றே ஒரு செய்தியாக அனுப்பிவிட வேண்டும்:

"அக்கா, பேசினபடி 3 வீடியோ, தலா 30 செகண்ட். மொத்தம் RM180, இப்போ RM90, முடிஞ்சதும் RM90. திருத்தம் ஒவ்வொன்னுக்கும் 2 தடவை; அதுக்கு மேல தடவைக்கு RM15. விலை, நேரம், ஃபோன் நம்பர் சரியான்னு நீங்க பார்த்து 'ஓகே' போட்ட பிறகுதான் கடைசி வீடியோ தருவேன். பக்கத்தோட பாஸ்வேர்டு எனக்கு வேணாம், நீங்களே ஏத்துங்க."

கடைசி வரி ஒரு தற்காப்பு. கடவுச்சொல் நம்மிடம் இருந்தால், நாளைக்கு அந்தப் பக்கத்தில் எது நடந்தாலும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேலை தொடர்ந்து வரத் தொடங்கினால் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிவது சட்டம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தொழில்பெயர் வைத்தால் 60.

கல்லா ஓரத்தில் ஒரு நோட்டு

வீடியோ ஏறியபின் அக்கா பார்ப்பது பார்வை எண்ணிக்கையை. எடிட்டர் பார்க்க வேண்டியது வேறு. வீடியோவின் கடைசி வரியோடு ஒன்றைச் சேர்த்துவிடலாம்: "வீடியோ பார்த்தேன்னு சொன்னா தேங்காய்ப்பால் ஒரு கரண்டி கூட." கல்லா ஓரத்தில் ஒரு நோட்டு. யாராவது அப்படிச் சொன்னால் அந்தக் கிழமைக்கு நேரே ஒரு கோடு.

கணக்கு இப்படி. ஒருவர் சாப்பிட்டால் அக்காவுக்கு மூன்று ரிங்கிட் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், 180 ரிங்கிட்டை எடுக்க 60 சாப்பாடு வேண்டும். ஒரு மாதத்தில் செவ்வாய் நான்கு, புதன் நான்கு. அந்த எட்டு நாளிலும் நாளுக்கு ஏழெட்டுப் பேர் கூடுதலாக வந்தால் போட்ட காசு திரும்பிவிட்டது. லட்சம் பார்வை தேவைப்படவே இல்லை.

வராமலும் போகலாம். நோட்டில் சனி, ஞாயிறு பக்கம் மட்டும் கோடு நிறைந்திருந்தால், செவ்வாய் என்று சொன்ன வரி பார்ப்பவர் காதில் விழவில்லை என்று பொருள். அந்த வரியைக் கடைசியிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து, அடுத்த வீடியோவைத் திங்கள் மாலை ஏற்றிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்திலும் கோடே இல்லை என்றால், கடை எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லையோ என்று அந்த முகப்புக் காட்சியை மறுபடி பார்க்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் ஏற்றாமல் வாரம் ஒன்றாக ஏற்றச் சொல்வது இதற்காகத்தான். முதல் வாரத்து நோட்டுதான் இரண்டாவது வீடியோவை வெட்டுகிறது.

இரண்டாவது கடைக்குப் போகும்போது கையில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று அந்த முப்பது நொடி வீடியோ. மற்றது, அக்கா சரி என்றால், அந்த நோட்டுப் பக்கத்தின் படம். எதிர்வரிசைக் கடைக்காரர் வீடியோவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். நோட்டுப் பக்கத்தைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகு கேட்பார், "எனக்கு வியாழக்கிழமைதான் தம்பி டல்லடிக்குது. அதுக்கு என்ன பண்ணலாம்?"